பன்னிரண்டு ஸ்லைடிலிருந்து முப்பது விநாடிக்கு: பிட்ச் டெக்கைச் சுருக்கிப் பேசுவது எப்படி?

தொழில் தொடங்குபவர்களுக்கான கூட்டம் ஒன்றில் டீ இடைவேளை. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தார். கையில் லேப்டாப் பை, கழுத்தில் அடையாள அட்டை. அவருக்கு முன்னால் நின்ற பெரியவர் திரும்பி, "நீங்க என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டார். அந்தப் பெண் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தார். நிறுவனத்தின் பெயர், எப்போது தொடங்கினார்கள், மீன்துறையில் உள்ள சிக்கல்கள், சூரிய சக்தி, சந்தை எத்தனை ஆயிரம் கோடி, குழுவில் யார் யார், மூன்று வருடத்தில் எங்கே போய் நிற்பார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னார். பெரியவர் கையில் டீ வந்தது. "ரொம்ப நல்ல விஷயம்மா, வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

அந்தப் பெரியவர் சிறு நிறுவனங்களில் பணம் போடுகிறவர் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெண் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, தவறும் இல்லை. ஆனாலும் பெரியவர் மனதில் ஒன்றும் தங்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணும் நானும் இரண்டு மாலை உட்கார்ந்து அந்த முப்பது விநாடியைச் சரிசெய்தோம். அப்போது செய்ததைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரை விட்டுவிட்டேன், எண்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

முதலில், இரண்டும் வேறு வேறு பொருள்

பிட்ச் டெக் என்பது உங்கள் தொழிலை முதலீட்டாளருக்கு விளக்கும் ஸ்லைடு தொகுப்பு. வழக்கமாகப் பத்து முதல் பதினைந்து ஸ்லைடு இருக்கும். சிக்கல் என்ன, தீர்வு என்ன, சந்தை எவ்வளவு பெரியது, போட்டி யார், வருமானம் எப்படி வரும், இதுவரை என்ன நடந்தது, குழுவில் யார், எவ்வளவு பணம் வேண்டும் என்று அது வரிசையாகப் போகும்.

முப்பது விநாடி அறிமுகம் என்பது ஸ்லைடு இல்லாமல், நின்ற இடத்தில் வாயால் சொல்வது. இதை எலிவேட்டர் பிட்ச் என்பார்கள். லிஃப்டில் ஏறி இறங்குவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்பதால் அந்தப் பெயர்.

இரண்டாவது முதலாவதன் சின்ன வடிவம் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். அதனால் ஸ்லைடுக்கு ஒரு வாக்கியம் வீதம் எடுத்து, கோத்து, வேகமாகச் சொல்லிவிடுகிறார்கள். டீ வரிசையில் நடந்தது அதுதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது ஏன் ஆகாது என்று புரியும். சிலிக்கான் பள்ளத்தாக்கைச் சேர்ந்த முதலீட்டாளர் கை கவாசாகி பல வருடம் முன்பே டெக்குக்கு ஒரு விதி சொன்னார்: பத்து ஸ்லைடு, இருபது நிமிடம், எழுத்தின் அளவு குறைந்தது முப்பது பாயிண்ட். சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று வற்புறுத்தும் விதி இது. அதுவே இருபது நிமிடம் கொடுக்கிறது. இருபது நிமிடம் என்றால் 1200 விநாடி. நம்மிடம் இருப்பது 30 விநாடி, அதாவது நாற்பதில் ஒரு பங்கு. பத்து ஸ்லைடில் நாற்பதில் ஒரு பங்கு எவ்வளவு? கால் ஸ்லைடு.

பத்து ஸ்லைடை எப்படி மடித்தாலும் கால் ஸ்லைடுக்குள் போகாது. எந்தக் கால் ஸ்லைடு என்று தேர்ந்தெடுக்கத்தான் முடியும்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து ஒரு போன்

தேர்ந்தெடுப்பது கஷ்டமான வேலை என்று தோன்றலாம். ஆனால் நாம் எல்லோரும் இதை ஏற்கெனவே செய்திருக்கிறோம்.

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்திருக்கிறது. டாக்டர் கால் மணி நேரம் விளக்கியிருக்கிறார். எங்கே அடைப்பு, என்ன செய்தார்கள், ரத்த அழுத்தம் எவ்வளவு, என்னென்ன மருந்து, எத்தனை நாள் தங்க வேண்டும், பில் எவ்வளவு ஆகும். நீங்கள் வராந்தாவுக்கு வந்து வீட்டுக்குப் போன் போடுகிறீர்கள். அம்மா எடுக்கிறார். என்ன சொல்வீர்கள்? "கண்ணு முழிச்சுட்டாரும்மா. உன்னை எங்கேன்னு கேட்டார்." அவ்வளவுதான்.

டாக்டர் சொன்னதை நீங்கள் சுருக்கவில்லை. டாக்டர் இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லவே இல்லை. அம்மா எதற்காகப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கவலைக்குப் பதிலாக எது இருக்கிறதோ அதை மட்டும் எடுத்துக் கொடுத்தீர்கள். அதைக் கேட்டபின் அம்மாவே மற்றதைக் கேட்பார். "சாப்பிட்டாரா?", "எப்போ வீட்டுக்கு விடுவாங்க?" என்று ஒவ்வொன்றாக. நீங்களும் ஒவ்வொன்றாகச் சொல்வீர்கள்.

முப்பது விநாடி அறிமுகம் வேலை செய்யும் விதமும் இதேதான். கேட்பவர் மனதில் ஏற்கெனவே ஒரு சந்தேகம் உட்கார்ந்திருக்கிறது. பணம் போடுகிறவருக்கு அது பெரும்பாலும் இப்படி இருக்கும்: "இதை யாராவது உண்மையிலேயே காசு கொடுத்து வாங்குவார்களா?" உங்கள் டெக்கில் அந்தச் சந்தேகத்துக்கு நேராகப் பதில் சொல்லும் ஒரு துண்டு எங்கேயோ இருக்கும். அதை வெளியே எடுத்தால், மற்ற ஸ்லைடுகளை அவரே கேட்டு வாங்கிக்கொள்வார்.

இதுவரை பார்த்தது: டெக் முழு விளக்கம், அறிமுகம் அதிலிருந்து எடுத்த ஒரு துண்டு. எதை எடுப்பது என்பதைக் கேட்பவரின் சந்தேகம்தான் முடிவு செய்கிறது.

முப்பது விநாடியில் எத்தனை சொல் கொள்ளும்?

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் 75 சொல் வரை போகலாம் என்று இருக்கும். தமிழில் அந்தக் கணக்கு பொருந்தாது. நம் சொற்கள் நீளமானவை. அவர்கள் மூன்று, நான்கு சொல்லில் சொல்வதை நாம் "காயவைக்கிறாங்க" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். செல்போனில் பதிவு செய்து நான் எண்ணிப் பார்த்த அளவில், நிதானமாக, ஆங்காங்கே நிறுத்திப் பேசினால் தமிழில் முப்பது விநாடிக்கு 40 முதல் 50 சொல்தான் வருகிறது. அதைத் தாண்டினால் ஓட வேண்டியிருக்கும். ஓடினால் கேட்பவர் பின்தங்கிவிடுவார்.

படிப்பதற்கும் கேட்பதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். ஸ்லைடில் ஒன்று புரியவில்லை என்றால் கண் மேலே போய் மறுபடியும் படித்துவிட்டு வரும். காதுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு வாக்கியம் நழுவினால் நழுவியதுதான். ஐந்தாறு புது விஷயங்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் மனம் எல்லாவற்றையும் கீழே போட்டுவிடும். பெரியவர் சொன்ன "ரொம்ப நல்ல விஷயம்" அப்படி எல்லாம் கைநழுவிப் போனபோது மரியாதைக்காக வருகிற வார்த்தை.

வலுவான துண்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்தப் பெண்ணின் தொழில் இது. ராமநாதபுரம் கடற்கரையில் அவருடைய ஊர். அங்கே பெண்கள் மீனைக் கழுவி, உப்பிட்டு, மணலில் விரித்துக் கருவாடு காயவைக்கிறார்கள். மண் ஒட்டும், ஈ மொய்க்கும். திடீர் மழை வந்தால் அன்றைய சரக்கு போயிற்று. இவர் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளால் கூடாரம் போட்டு, உள்ளே தட்டு அடுக்கி, சூடான காற்று சுற்றுவதற்குச் சின்ன மின்விசிறி வைத்தார். அதைக் கிலோ கணக்கில் வாடகைக்கு விடுகிறார். பொறியியல் படித்தவர். அம்மா முப்பது வருடமாகக் கருவாடு போடுகிறவர்.

டெக்கில் பன்னிரண்டு ஸ்லைடு. பெயர், சிக்கல், தீர்வு, கூடாரம் வேலை செய்யும் விதம், சந்தை அளவு, போட்டி, வருமான வழி, இதுவரை நடந்தது, விலை ஒப்பீடு, குழு, அடுத்த மூன்று வருடக் கணக்கு, தேவைப்படும் பணம்.

"இதில் எது ரொம்ப வலுவானது?" என்று கேட்டேன். யோசிக்காமல் நான்காவது ஸ்லைடைக் காட்டினார். காற்று எப்படிச் சுற்றுகிறது, வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்று அம்புக்குறி போட்டு வரைந்த படம். நான்கு மாதம் தூங்காமல் செய்த வேலை அது. யாராக இருந்தாலும் தான் அதிகம் கஷ்டப்பட்ட இடத்தைத்தான் வலுவான இடம் என்று நினைப்போம். அதனால்தான் நம் டெக்கை நாமே சலிப்பது கடினம்.

மூன்று சல்லடை வைத்துச் சலித்தோம்.

முதல் சல்லடை, பெயரை மாற்றிப் பார்ப்பது. ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிறுவனத்தின் பெயரை அழித்துவிட்டு, இதே துறையில் உள்ள இன்னொருவர் பெயரைப் போடுங்கள். வாக்கியம் அப்படியே உண்மையாக நிற்கிறதா? நின்றால் அந்தத் துண்டு உங்களுடைய வலுவான புள்ளி இல்லை. "கருவாட்டுச் சந்தை இத்தனை கோடி" என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். "மணலில் காயவைப்பது சுகாதாரக் கேடு" என்பதையும் யாரும் சொல்லலாம். கூடாரமே கூட இதில் விழுந்துவிட்டது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் சூரிய உலர்த்திகளை ஏற்கெனவே வடிவமைத்திருக்கிறது. ஆகவே "சூரிய சக்தியில் மீன் உலர்த்துகிறோம்" என்பதை அவர்களும் சொல்லலாம். நான்காவது ஸ்லைடு போனபோது அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். ஆனால் அதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. டெக்கில் அது இருக்கட்டும், வாயில்தான் வேண்டாம்.

இரண்டாவது சல்லடை, நடந்ததா, நடக்கப்போவதா என்று பார்ப்பது. மூன்று வருடத்தில் இத்தனை கிராமம் என்பது ஆசை. அதை நம்புவதற்குக் கேட்பவருக்கு ஒரு காரணமும் இன்னும் கிடைக்கவில்லை. நடந்து முடிந்ததை மறுக்க முடியாது. இந்தச் சல்லடையில் மிஞ்சியவை மூன்று: இதுவரை நடந்தது, விலை ஒப்பீடு, குழு.

மூன்றாவது சல்லடைதான் முக்கியம். இதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் அடுத்து என்ன கேட்பார்? குழுவைப் பற்றிச் சொன்னால், "அம்மாவும் பொண்ணுமா? சந்தோஷம்" என்பார். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். விலை ஒப்பீட்டைச் சொன்னால், அதாவது மண் இல்லாத கருவாட்டுக்குக் கிலோவுக்கு இவ்வளவு கூடுதலாகக் கிடைக்கிறது என்றால், "எந்த மீனுக்கு? எந்தச் சந்தையில்? சீசன் இல்லாத நேரமா?" என்று தொடங்குவார். எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் நின்றுகொண்டே தீர்க்க முடியாத வாதம்.

மிச்சம் இருந்தது எட்டாவது ஸ்லைடு, "இதுவரை நடந்தது". இதற்கு டிராக்‌ஷன் என்று பெயர்: வாடிக்கையாளர் உண்மையிலேயே வருகிறார், வந்தவர் நிற்கிறார் என்பதற்கான சான்று. அந்த ஸ்லைடில் ஆறு வரி இருந்தது. இரண்டு விருது, ஒரு பத்திரிகைச் செய்தி, ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம். ஐந்தாவது வரி, சின்ன எழுத்தில்: "முதல் சீசன் 18 பயனாளிகள் (இலவசம்). இரண்டாவது சீசன் 15 பேர் (கட்டணம்)."

"இதை விளக்குங்க" என்றேன்.

"முதல் வருஷம் யாரும் நம்பல சார். அதனால சும்மா கொடுத்தோம். இந்த வருஷம் கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபா வாடகைன்னு சொன்னோம். மூணு பேர் வேண்டாம்னுட்டாங்க. மத்தவங்க கொடுத்துட்டாங்க."

கையில் காசு புரளாத பெண்கள். மணல் இலவசம், வெயில் இலவசம். அதை விட்டுவிட்டு, ஒரு சீசன் பயன்படுத்திப் பார்த்து, தெரிந்தே காசு கொடுத்திருக்கிறார்கள். "இதை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா?" என்ற சந்தேகத்துக்கு இதைவிட நேரான பதில் அந்த டெக்கில் வேறு இல்லை. வேறு பெயர் போட்டால் இது நிற்காது. நடந்து முடிந்தது. கேட்பவர் அடுத்து கேட்கப்போவதும் தெரியும்: "ஏன் திரும்ப வந்தாங்க?" அதற்குப் பதில்தான் விலை ஒப்பீட்டு ஸ்லைடு.

நல்ல புள்ளிக்கு இதுவும் ஓர் அடையாளம். அதைச் சொன்னால் டெக்கின் இன்னொரு ஸ்லைடு தானாக அடுத்த பதிலாக வந்து நிற்கும்.

இதுவரை பார்த்தது: மற்றவர் சொல்ல முடியாதது, நடந்து முடிந்தது, நல்ல கேள்வியைக் கிளப்புவது. மூன்றையும் தாண்டி வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் நீங்கள் சின்ன எழுத்தில் போட்டிருக்கும் வரியாக இருக்கும்.

முதல் வாக்கியத்தின் வேலை வேறு

வலுவான புள்ளி கிடைத்ததும் அதை எடுத்தவுடனே சொல்லிவிடலாமே என்று அவர் கேட்டார். சொல்லிப் பார்த்தோம். "பதினெட்டுல பதினஞ்சு பேர் காசு கொடுத்துத் திரும்ப வந்தாங்க." எதற்கு? எங்கே? யார்? அடியில் நிலம் இல்லாமல் எண் அந்தரத்தில் தொங்கியது.

அதனால் முதல் இரண்டு, மூன்று வாக்கியத்துக்கு ஒரே வேலைதான்: கேட்பவர் மனதில் ஒரு படத்தை உண்டாக்குவது. அவருக்குத் தெரிந்த ஒன்றில் ஆரம்பித்து, புதியதை அதன் பக்கத்தில் வைக்க வேண்டும். ஏர்பிஎன்பி நிறுவனத்தின் ஆரம்ப கால டெக் எல்லோரும் பார்க்கும்படி வெளிவந்திருக்கிறது. அதன் முதல் ஸ்லைடில் இருந்தது ஒரே வரி. தமிழில் சொன்னால், "ஓட்டலுக்குப் பதிலாக, உள்ளூர்க்காரர் வீட்டில் அறை எடுங்கள்." ஓட்டல் எல்லோருக்கும் தெரியும். அதைத் தொட்டுவிட்டு அடுத்த அடி எடுத்து வைக்கிறது. இணையத்தளம், தொழில்நுட்பம் என்ற பேச்சே அந்த வரியில் இல்லை.

தெரிந்ததில் தொடங்குவதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. "நாங்கள் கருவாட்டுக்கு ஊபர் மாதிரி" என்பது போன்ற வாக்கியம். இதை நான் பரிந்துரைப்பதில்லை. ஊபர் என்றதும் கேட்பவர் ஆப், டிரைவர், கமிஷன் என்று தன் படத்தை வரைந்துகொள்வார். பிறகு "ஆப் எப்போ வந்துச்சு?" என்று கேட்பார். உங்கள் முப்பது விநாடியும் அந்தப் படத்தை அழிப்பதிலேயே போய்விடும்.

எழுதிப் பார்த்த விதம்

அவர் எழுதிய முதல் வடிவம் இப்படி இருந்தது:

"பாரம்பரிய முறையில் மணலில் உலர்த்தப்படுவதால் தரம் குறைந்து வருமான இழப்பைச் சந்திக்கும் கடலோர மீனவப் பெண்களின் வாழ்வாதாரத்தை மேம்படுத்தும் வகையில் வடிவமைக்கப்பட்ட சூரிய ஆற்றல் சார்ந்த புதுமையான உலர்த்தும் தீர்வை நாங்கள் வழங்குகிறோம்."

இருபது சொல்லுக்கு மேல், ஒரே வாக்கியம். "வழங்குகிறோம்" என்று கடைசியில் வரும் வரை என்ன நடக்கிறது என்றே கேட்பவருக்குத் தெரியாது. தமிழில் வினை கடைசியில் வரும். எழுத்தில் அது அழகு. பேச்சில் நடுவில் அடுக்கும் ஒவ்வொரு சொல்லையும் கேட்பவர் வினை வரும் வரை தலையில் சுமந்துகொண்டே வர வேண்டும். ஆகவே பேச்சுக்கு எழுதும்போது வாக்கியத்தை உடைத்துவிடுங்கள். நான்கு முதல் எட்டுச் சொல்லுக்குள் ஒரு வினை வந்துவிட வேண்டும். அப்புறம் அடுத்த வாக்கியம்.

இன்னொன்று, "புதுமையான", "மேம்படுத்தும்", "தீர்வு" போன்ற சொற்களை எடுத்துவிட்டுப் பாருங்கள். அர்த்தம் ஒன்றும் குறையாது. அந்தச் சொற்கள் அமர்ந்திருந்த இடத்தில் கூடாரம், மணல், மழை, பன்னிரண்டு ரூபாய் என்று கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்கு இடம் கிடைக்கும்.

எண்களையும் காதுக்கு ஏற்ற மாதிரி மாற்ற வேண்டும். அவர் முதலில் "எண்பத்து மூன்று புள்ளி மூன்று சதவீதம்" என்று சொன்னார். 18இல் 15 என்பது அதே கணக்குதான். ஆனால் சதவீதம் சொல்லும்போது ஆட்கள் மறைந்துவிடுகிறார்கள். "பதினெட்டுல பதினஞ்சு பேர்" என்றால் ஆட்கள் நிற்கிறார்கள். எண்ணிக்கை சின்னது என்பதும் ஒளிக்காமல் தெரிகிறது. சின்ன எண்ணைச் சதவீதத்துக்குள் மறைத்துவிட்டு, "மொத்தம் எத்தனை பேர்?" என்ற கேள்வியில் மாட்டிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

கடைசி வடிவம் இது. பேச்சுத் தமிழில், அவர் வாயில் வந்தபடியே:

"எங்க ஊர்ல பெண்கள் கருவாட்டை மணல்ல காயவைக்கிறாங்க. ஒரு மழை வந்தா மொத்தச் சரக்கும் போயிடும். நாங்க அதுக்கு ஒரு வெயில் கூடாரம் போட்டு, கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபா வாடகை வாங்குறோம். போன சீசன் பதினெட்டுப் பேருக்கு இலவசமாக் கொடுத்தோம். இந்த சீசன் காசு கேட்டோம். மணலும் வெயிலும் அவங்களுக்குச் சும்மாவே கிடைக்குது. ஆனாலும் பதினெட்டுல பதினஞ்சு பேர், காசு கொடுத்துத் திரும்ப வந்தாங்க."

ஐம்பது சொல்லுக்குள் அடங்குகிறது. சொல்லிப் பார்த்தபோது இருபத்தெட்டு விநாடி வந்தது. "இந்த சீசன் காசு கேட்டோம்" என்ற இடத்தில் ஒரு சின்ன நிறுத்தம். என்ன ஆயிற்று என்று கேட்பவர் எதிர்பார்க்க அந்த ஒரு விநாடி வேண்டும். வலுவான புள்ளி கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. அதற்குப் பின்னால் எதுவும் இல்லை.

அவருக்கு மிகக் கடினமாக இருந்தது அந்தக் கடைசி அமைதிதான். சொல்லி முடித்ததும் இரண்டு விநாடி எதிராளி பேசாமல் இருப்பார். அந்த இடைவெளி தாங்காமல் "அப்புறம் எங்களுக்கு ரெண்டு விருதும் கிடைச்சிருக்கு" என்று சேர்த்துவிடுவார். சேர்த்த உடனே கேட்டவர் மனது பதினைந்து பேரை விட்டுவிட்டு விருதுக்குப் போய்விடும். அதை நிறுத்தத்தான் இரண்டாவது மாலை முழுவதும் ஆயிற்று.

மனப்பாடம் செய்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழுவதையும் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்தால், நடுவில் ஒரு சொல் மறந்ததும் எல்லாமே நின்றுவிடும். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மழை, கூடாரம், இலவசம், காசு என்ற நான்கு சொல் நினைவில் இருந்தால் போதும். வாக்கியம் அந்தந்த நேரத்தில் தானாக வரும்.

சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. உங்கள் தொழிலைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் ஒரே ஒரு முறை சொல்லுங்கள். மறுநாள் அவரை இன்னொருவரிடம் அதைச் சொல்லச் சொல்லிவிட்டு, நீங்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள், திருத்தாதீர்கள். இந்தப் பெண்ணின் சித்தப்பா மறுநாள் சொன்னது: "கருவாடு காயப்போடக் கூடாரம் விடுறா. மொதல்ல சும்மா கொடுத்தா, இப்ப காசு வாங்குறா, ஆனா முக்காவாசிப் பேர் விடல." பதினெட்டும் பதினைந்தும் காணாமல் போயிருந்தன. புள்ளி மட்டும் அப்படியே வந்து சேர்ந்திருந்தது. அது போதும். புள்ளி இல்லாமல், "ஏதோ சோலார் கம்பெனி வச்சிருக்கா" என்று மட்டும் அவர் சொல்லியிருந்தால் மறுபடியும் எழுத வேண்டியிருந்திருக்கும்.

நேரில் பேசும்போது, எதிராளி கேட்கும் முதல் கேள்வியைக் கவனியுங்கள். "அப்போ நீங்க சரியா என்ன பண்றீங்க?" என்று கேட்டால் ஆரம்ப வாக்கியங்கள் படத்தை உண்டாக்கவில்லை. "இதை ஏற்றுமதி பண்ணலாமே" என்பது மாதிரி யோசனை சொல்ல ஆரம்பித்தால் புள்ளி போய்ச் சேரவில்லை, துறை மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. "நல்ல முயற்சி" என்றால் ஒன்றுமே சேரவில்லை. புள்ளியைப் பற்றியே கேள்வி வந்தால், அதாவது "ஏன் திரும்ப வந்தாங்க?" "வேண்டாம்னு சொன்ன மூணு பேர் ஏன் சொன்னாங்க?" என்று வந்தால், வேலை முடிந்தது. இரண்டாவது கேள்விக்கு உண்மையான பதிலைத் தயாராக வைத்திருக்க வேண்டும். இவர் விசாரித்துப் பார்த்ததில், மூவர் வீடும் கூடாரத்திலிருந்து தூரம், மீனைச் சுமந்து வருவது கஷ்டம் என்று தெரிந்தது. அது அடுத்த கூடாரத்தை எங்கே போட வேண்டும் என்பதற்குப் பதிலாகவும் ஆயிற்று.

இதன் எல்லை

முப்பது விநாடியில் யாரும் பணம் தரப்போவதில்லை. அது அடுத்த பத்து நிமிடத்தை வாங்கித் தரும், அவ்வளவுதான். அதனால்தான் அதில் "எங்களுக்கு நாற்பது லட்சம் வேண்டும்" என்பதைச் சேர்க்கவில்லை. அவர் கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

கேட்பவர் மாறினால் புள்ளியும் மாறும். வங்கி மேலாளருக்கு இருக்கும் சந்தேகம் வேறு: கடன் திரும்பி வருமா? அவரிடம் கூடாரத்தின் விலையும், ஒரு சீசன் வாடகையில் அதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதும்தான் பேச வேண்டியது. அதே மூன்று சல்லடையை அவருடைய சந்தேகத்தை வைத்து மறுபடி ஓட்ட வேண்டும்.

இன்னும் வாடிக்கையாளரே இல்லாத தொழில் என்றால் என்ன செய்வது? அப்போது நடந்து முடிந்தது சிக்கலின் பக்கத்தில்தான் இருக்கும். நீங்களே போய் எண்ணிப் பார்த்த ஏதாவது ஒன்று. ஒரு மாதம் கடற்கரையில் நின்று, எத்தனை நாள் மழையில் சரக்கு போயிற்று என்று குறித்துவைத்திருந்தால், அதுவும் மற்றவர் சொல்ல முடியாத, நடந்து முடிந்த புள்ளிதான். அதுவும் இல்லை என்றால் அறிமுகத்தை மெருகேற்றிப் பயனில்லை. முதலில் போய் எண்ணிவிட்டு வருவதுதான் வேலை.

இரண்டு மாதம் கழித்து வேறொரு கூட்டம். மதியச் சாப்பாட்டில் பக்கத்து இருக்கையில் இருந்தவர் அந்தப் பெண்ணிடம் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். இவர் சொல்லி முடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாராம். கேட்டவர் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டு, "பன்னிரண்டு ரூபா கொடுத்தா அவங்களுக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டிருக்கிறார். இவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, லேப்டாப்பைத் திறந்து, ஒன்பதாவது ஸ்லைடைக் காட்டியிருக்கிறார்.